இருபது மிதவைகளும் ஒரு பி-மதிப்பும்: கடற்பாசி வளர்ப்புச் சோதனை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இராமநாதபுரம் மாவட்டத்தில், மீனவர்கள் வடகடல் என்று சொல்லும் பாக் விரிகுடாப் பக்கத்துக் கடலோர ஊர்களில், கப்பாபைகஸ் என்னும் கடற்பாசி மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படுகிறது. தொடக்க ஆண்டுகளில் பெப்சி நிறுவனம் இதை ஊக்குவித்ததால் இன்றும் பலருக்கு இது ‘பெப்சி பாசி’தான். மிதவை என்பது மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் அளவுள்ள மூங்கில் சட்டம். அதன் குறுக்கே இருபது கயிறுகள் கட்டப்படும். ஒவ்வொரு கயிற்றிலும் இருபது இடங்களில் ஏறத்தாழ 150 கிராம் விதைப்பாசி முடியப்படும். ஆக ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி போகிறது. அறுவடை ஏறத்தாழ 45 நாளில் நடக்கும்.

இந்தத் தொழிலில் விடாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. விதைப்பாசியைக் கயிற்றில் ஒவ்வொன்றாக முடிவதற்குப் பதிலாக, நீண்ட வலைக்குழாய்க்குள் நிரப்பிக் கட்டினால் விளைச்சல் கூடுமா என்பதே அது. அக்கேள்வியைச் சோதிக்கும் ஆய்வு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் பி-மதிப்பு உண்மையில் எதைச் சொல்கிறது, கட்டுரை அதை எப்படிப் படிக்கிறது என்று இங்கே பார்க்கிறேன். சோதனையும் அதன் எண்களும் விளக்கத்திற்காக நான் அமைத்தவை. அச்சான எந்தக் கட்டுரையையும் அவை குறிப்பதில்லை. ஆனால் அதன் சுருக்கவுரையில் வரும் வாசகங்கள், மதிப்பீட்டுக்கு வரும் கட்டுரைகளைப் படித்துப் பழகிய எவருக்கும் பழக்கமானவையாகவே இருக்கும்.

சோதனையும் அதன் சுருக்கவுரையும்

முனைக்காட்டுக் கரையில் இருபது மிதவைகள் விடப்பட்டன. பத்தில் வழக்கமான முடிச்சு முறை, பத்தில் வலைக்குழாய் முறை. 45-ஆம் நாளில் ஈர எடை பார்க்கப்பட்டது. முடிச்சு மிதவைகளின் சராசரி 235 கிலோ, வலைக்குழாய் மிதவைகளின் சராசரி 253 கிலோ, இரண்டிலும் திட்ட விலக்கம் 19 கிலோ. சராசரிகளின் வேறுபாடாகிய 18 கிலோவை அதன் திட்டப் பிழையாகிய 8.5 கிலோவால் வகுத்தால் t = 2.12 கிடைக்கிறது; இருபது மிதவைகளிலிருந்து இரு சராசரிகளுக்காக இரண்டைக் கழித்து வரும் விடுபாட்டு எண் 18-க்கு p = 0.048. இதே அமைப்பில் தொண்டியிலும் இருபது மிதவைகள் விடப்பட்டன. அங்கே வேறுபாடு 15 கிலோ, திட்ட விலக்கம் 21 கிலோ, p = 0.13.

சுருக்கவுரை மூன்று முடிவுகளை அறிவிக்கிறது. வலைக்குழாய் முறை மேலானது என்பது 95 விழுக்காட்டுக்கும் மேலான உறுதியுடன் நிறுவப்பட்டது என்பது முதலாவது. முனைக்காட்டில் பயன் தரும் இம்முறை தொண்டியில் பயன் தரவில்லை என்பது இரண்டாவது. ஒரு மிதவைக்கு 18 கிலோ கூடுதல் விளைச்சலை வளர்ப்போர் எதிர்பார்க்கலாம் என்பது மூன்றாவது. கணக்கில் எங்கும் பிழையில்லை. எந்த மென்பொருளில் போட்டாலும் இதே எண்கள்தாம் வரும். இருந்தும் மூன்று முடிவுகளுக்கும் இந்த எண்களில் ஆதாரம் இல்லை.

0.048 என்பது எதன் நிகழ்தகவு

இருபது மிதவைகளின் எடைகளையும் இருபது சீட்டுகளில் எழுதிக்கொள்வதாகக் கொள்வோம். கட்டும் முறை விளைச்சலைச் சிறிதும் மாற்றுவதில்லை என்று தற்காலிகமாக ஏற்றுக்கொண்டால், ஒரு மிதவை எந்தப் பெயரைத் தாங்கியிருந்தாலும் அதே எடையைத்தான் தந்திருக்கும். அப்படியானால் ‘முடிச்சு’, ‘வலைக்குழாய்’ என்னும் பெயர்களைச் சீட்டுகளிடையே எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் பங்கிடலாம். இருபதில் பத்தைத் தேர்ந்தெடுக்க 1,84,756 வழிகள் உள்ளன. ஒவ்வொரு பங்கீட்டுக்கும் இரு சராசரிகளின் வேறுபாட்டைக் கணக்கிட்டு, அவற்றுள் எத்தனை பங்கீடுகளில் வேறுபாடு, எத்திசையிலாயினும், 18 கிலோவோ அதற்கு மேலோ வருகிறது என்று எண்ணினால், ஆயிரத்துக்கு ஏறத்தாழ 48 என்னும் விகிதம் கிடைக்கும். t-சோதனை தரும் 0.048 இந்த எண்ணிக்கைக்குரிய நெருங்கிய தோராயம்.

ஆகவே பி-மதிப்பு என்பது, முறைக்கு விளைவே இல்லை என்னும் இன்மைக் கருதுகோளும், கணக்கு எடுத்துக்கொண்ட மற்ற எடுகோள்களும் உண்மையாக இருக்குமானால், கிடைத்த அளவு அல்லது அதைவிட மிகையான வேறுபாடு தற்செயலாகத் தோன்றுவதற்கான நிகழ்தகவு. இந்த வரையறையில் உள்ள ‘இருக்குமானால்’ என்ற சொல்லையும் ‘மற்ற எடுகோள்களும்’ என்ற தொடரையும் விட்டுவிட்டால் தவறான வாசிப்புகளில் பெரும்பாலானவை பிறந்துவிடும்.

முதல் முடிவு அந்த ‘இருக்குமானால்’ என்பதை விட்டது. விளைவில்லை என்று வைத்துக்கொண்டு தரவின் அரிதான தன்மையை அளந்த எண்ணை, தரவை வைத்துக்கொண்டு விளைவில்லாமைக்கான நிகழ்தகவாக அது திருப்பிப் போட்டது. 0.048 என்பது விளைவில்லாத உலகத்துக்குள் நின்று கணக்கிட்ட எண். நாம் அந்த உலகத்தில் இருக்கிறோமா என்பதை அதே எண் சொல்ல இயலாது. அதைச் சொல்ல வேண்டுமானால், சோதனைக்கு முன்பே இம்முறை பயன்தர எவ்வளவு வாய்ப்பிருந்தது என்ற மற்றொரு செய்தி தேவை.

இதை எண்ணிக்கையாகவே பார்த்துவிடலாம். பாசி வளர்ப்பில் புதிய உத்திகள் நூறு சோதிக்கப்படுகின்றன என்றும், அவற்றுள் உண்மையில் பயன் தருபவை இருபது என்றும், பயன் தருவதைக் கண்டுபிடிக்கும் திறன் சோதனைக்குப் பாதிக்குப் பாதி என்றும் வைத்துக்கொண்டால், உண்மையான இருபதில் பத்தின் பி-மதிப்பு, புள்ளியியல் முக்கியத்துவம் பெற்றதாகக் கொள்ள வழக்கமாக வைக்கும் 0.05 எல்லையைக் கீழ்நோக்கித் தாண்டும். பயனற்ற எண்பதிலும் நான்கு தற்செயலாகத் தாண்டும். தாண்டிய பதினான்கில் நான்கு வெறும் தற்செயல். அது 29 விழுக்காடு, 5 விழுக்காடு அன்று. எல்லையை நூலிழையில் தாண்டிய 0.048 போன்ற மதிப்புகளுக்கு நிலைமை இன்னும் மோசம். செல்கே, பயாரி, பெர்கர் ஆகிய மூவரும் 2001-இல் வெளியிட்ட, பெரும்பாலான நடைமுறைச் சூழல்களுக்குப் பொருந்தும், விளைவில்லாமைக்கும் விளைவுக்கும் தரவு தரும் சான்று விகிதத்தின் கீழெல்லைச் சூத்திரமாகிய −e·p·ln(p)-ஐப் பயன்படுத்தினால், சோதனைக்கு முன் இரு பக்கமும் சமவாய்ப்பு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், p = 0.048 கிடைத்த பிறகு விளைவில்லாமைக்கான நிகழ்தகவு குறைந்தது 28 விழுக்காடு. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை, கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவைப் பி-மதிப்பு அளப்பதில்லை என்பதைத் தன் கொள்கைகளுள் ஒன்றாகவே வைத்தது. அந்த அறிக்கைக்குப் பிறகும் இந்த வாசகம் கட்டுரைகளில் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

முனைக்காட்டில் உண்டு, தொண்டியில் இல்லை

இரண்டாம் முடிவு பார்வைக்கு மிக இயல்பானது. ஆகையால் மதிப்பீட்டாளர் கண்ணிலும் எளிதில் தப்பிவிடுகிறது. ஓரிடத்தில் p 0.05-க்குக் கீழ், மற்றோரிடத்தில் மேல். எனவே இரண்டு இடங்களும் வேறுபடுகின்றன என்று மனம் தானாக முடித்துவிடுகிறது. அதன்பின் கட்டுரையின் விவாதப் பகுதியில் தொண்டிக் கடலின் கலங்கல், உவர்ப்பு, சேற்றுத் தரை என்று காரணங்கள் வரிசையாக வரும். விளக்கம் தேவைப்படும் வேறுபாடு ஒன்று இருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பார்த்தால் தெரிவது இதுதான். முனைக்காட்டில் வேறுபாடு 18 கிலோ. அதன் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி 0.1 முதல் 35.9 கிலோ வரை. தொண்டியில் வேறுபாடு 15 கிலோ, இடைவெளி −4.7 முதல் 34.7 வரை. இரண்டு இடைவெளிகளும் ஏறத்தாழ முழுவதுமாக ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. இடத்துக்கு இடம் விளைவு மாறுகிறதா என்பதைச் சோதிக்க வேண்டுமானால் 18-க்கும் 15-க்கும் இடையேயுள்ள 3 கிலோவைச் சோதிக்க வேண்டும். அதன் திட்டப் பிழை, 8.5-இன் வர்க்கத்தையும் தொண்டியின் 9.4-இன் வர்க்கத்தையும் கூட்டிய தொகையின் வர்க்கமூலம், அதாவது 12.7 கிலோ. p = 0.81. இரு கரைகளும் வேறுபடுவதற்கான சான்று இத்தரவில் இல்லவே இல்லை. புள்ளியியலாளர்கள் ஜெல்மனும் ஸ்டெர்னும் 2006-இல் இதே பிழையைத் தனியாக எடுத்து எழுதினார்கள்: முக்கியத்துவம் பெற்றதற்கும் பெறாததற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் தானே முக்கியத்துவம் பெறுவதில்லை என்பது அவர்கள் வாதம்.

தொண்டியின் 0.13-ஐத் தனியாக எடுத்தாலும் அது ‘பயனில்லை’ என்று சொல்லவில்லை. அந்த இடைவெளிக்குள் பூச்சியமும் இருக்கிறது, 34 கிலோவும் இருக்கிறது. இருபது மிதவைகளால் இவற்றைப் பிரித்தறிய முடியவில்லை என்பதே செய்தி. விளைவில்லை என்று அறிவிக்க விரும்புவோர், எத்தனை கிலோவுக்குக் கீழே போனால் அது நடைமுறையில் இல்லாததற்குச் சமம் என்று முன்கூட்டியே வரையறுத்து, இடைவெளி முழுவதும் அதற்குள் அடங்குவதைக் காட்ட வேண்டும்.

பதினெட்டுக் கிலோ எங்கிருந்து வந்தது

மூன்றாம் முடிவில் பிழை இன்னும் நுட்பமானது. முனைக்காட்டுச் சோதனையில் திட்டப் பிழை 8.5 கிலோ. 0.05 எல்லையைத் தாண்ட வேண்டுமானால் வேறுபாடு அதைப்போல் 2.1 மடங்காவது இருக்க வேண்டும், அதாவது 17.9 கிலோ. வலைக்குழாயின் உண்மையான பயன் 10 கிலோ என்று வைத்துக்கொண்டால், இந்த அளவுள்ள சோதனை அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று அளவே. கண்டுபிடிக்கும் அந்த ஒரு முறையிலும் அது 10 கிலோ என்று காட்டாது; 17.9-க்கு மேற்பட்ட ஓர் எண்ணைத்தான் காட்டும். முக்கியத்துவம் பெற்ற முடிவுகள் மட்டுமே அச்சேறும் வழக்கத்தில், சிறு சோதனைகளிலிருந்து வரும் அளவுகள் மிகைப்பட்டே வருவதற்கு இதுதான் காரணம். இதில் யாருடைய நேர்மையையும் ஐயுற வேண்டியதில்லை. வடிகட்டியே அப்படி அமைந்திருக்கிறது.

பி-மதிப்பு விளைவின் அளவைச் சொல்வதில்லை என்பதும் இங்கே சேர்கிறது. ஈரப்பாசி காய்ந்தால் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிவிடுவதால், 18 கிலோ என்பது காய்ந்த நிலையில் இரண்டு கிலோவுக்கும் குறைவு. வலைக்குழாயின் விலையும், அதை நிரப்ப ஆகும் கூலியும், எத்தனை அறுவடைக்கு அது தாங்கும் என்பதும் சேர்ந்துதான் லாபத்தை முடிவுசெய்யும். இடைவெளியின் கீழ்முனையாகிய 0.1 கிலோவில் நின்று பார்த்தால் இம்முறையில் நட்டமே மிஞ்சும். மேல்முனையில் நின்றால் நல்ல வருவாய். வளர்ப்பவருக்குத் தேவையான செய்தி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. சுருக்கவுரையோ அதைக் குறிப்பிடவே இல்லை.

கொத்து

இதுவரை சொன்னவை வாசகத்தைத் திருத்தினால் தீர்பவை. அடுத்தது அப்படித் தீராது. களக் குறிப்பேட்டில் மிதவைகள் கிடந்த அமைப்பைப் பார்த்தால்தான் தெரியும். மிதவைகளை யாரும் தனித்தனியே நங்கூரமிடுவதில்லை. பல மிதவைகளைக் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்து, ஒரு கொத்தாகவே நிறுத்துவார்கள். இச்சோதனையிலும் பத்து வலைக்குழாய் மிதவைகள் ஒரு கொத்து. பத்து முடிச்சு மிதவைகள் இன்னொரு கொத்து. வேலைக்கு வசதி என்பதால் இப்படிச் செய்வது இயல்பே. கரையில் பாசி கட்டும் பெண்களிடம் கேட்டால், “ஓட்டம் உள்ள பக்கம் கிடக்குற கொத்துதான் சார் நல்லா வரும், தேங்குன தண்ணில கிடந்தா அழுக்குப் படிஞ்சு போகும்” என்பதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. நீரோட்டம், ஆழம், பாசியை மேயும் மீன்களின் நடமாட்டம் எல்லாமே கொத்துக்குக் கொத்து மாறும். ஒரு கொத்துக்குள் இருக்கும் மிதவைகள் அவற்றைப் பெரும்பாலும் பங்கிட்டுக்கொள்ளும்.

இப்போது சீட்டுக் கணக்குக்குத் திரும்பலாம். பெயர்களை 1,84,756 வழிகளில் மாற்றிப் பங்கிடலாம் என்று சொன்னது, எந்த மிதவைக்கும் எந்த முறையும் வாய்த்திருக்கலாம் என்ற எடுகோளின்மேல். உண்மையில் முறை மிதவைக்கு வழங்கப்படவில்லை, கொத்துக்கு வழங்கப்பட்டது. ஆகவே சாத்தியமான பங்கீடுகள் இரண்டே: இந்தக் கொத்து வலைக்குழாய், அது முடிச்சு; அல்லது மாறி. இரண்டிலும் வேறுபாட்டின் அளவு 18 கிலோதான். நேர்மையாகக் கணக்கிட்டால் முனைக்காட்டுச் சோதனையின் பி-மதிப்பு 0.048 அன்று, 1. அதாவது இந்த 18 கிலோ கட்டும் முறையால் வந்ததா, கொத்து கிடந்த இடத்தால் வந்ததா என்பதைப் பற்றி இச்சோதனை எதுவுமே சொல்லவில்லை. மிதவைகளை இன்னும் நூறு கூட்டி அதே இரு கொத்துகளில் கட்டினாலும் நிலைமை மாறாது; தவறான பி-மதிப்பு மட்டும் மேலும் சிறியதாகிக்கொண்டே போகும்.

இரு ஊர்களையும் சேர்த்தாலும் இதே கதைதான். மிதவைகளைச் சார்பற்ற அலகுகளாக எண்ணிச் சேர்த்தால் சராசரி வேறுபாடு 16.5 கிலோ, p = 0.013 என்று கவர்ச்சியான எண் வருகிறது. கொத்துகளை அலகாக எண்ணினால் நான்கு பங்கீடுகளே உள்ளன; இரு ஊர்களிலும் ஒரே முறை முந்துவது அவற்றுள் இரண்டில் நிகழும்; p = 0.5. சூழலியல் சோதனைகளில் இப்படி ஒரே அலகின் பகுதிகளைத் தனி அலகுகளாக எண்ணும் வழக்கத்தைச் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984-இலேயே போலி மீள்செய்கை என்று பெயரிட்டு விரிவாகச் சாடினார். நீர்வாழ் உயிர் வளர்ப்பில் அது தொட்டிக்குள் இருக்கும் மீன்களை எண்ணும் வடிவில் வரும். இங்கே கொத்துக்குள் இருக்கும் மிதவைகளை எண்ணும் வடிவில் வந்திருக்கிறது. 0.048 என்பது இன்மைக் கருதுகோளை மட்டும் சோதித்த எண் அன்று. அதனுடன் ‘மிதவைகள் ஒன்றையொன்று சாராதவை’ என்ற எடுகோளையும் சேர்த்துத்தான் சோதித்தது. எண் சிறியதாக வந்ததற்கு இரண்டில் எது பொய்யானதும் காரணமாகலாம். எது என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மதிப்பீட்டாளர் இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. வழிமுறைப் பகுதியில் முறைகள் எந்த அலகுக்குக் குலுக்கலில் ஒதுக்கப்பட்டன என்ற வரியைத் தேட வேண்டும். பின் விடுபாட்டு எண்ணைப் பார்க்க வேண்டும். இக்கட்டுரையில் ஒதுக்கீடு பற்றிய வரியே இல்லை. விடுபாட்டு எண்ணோ 18. இரு கொத்துகள் உள்ள சோதனையில் 18 எங்கிருந்து வந்தது என்று கேட்டாலே போதும்.

கட்டுரையைத் திருத்துவதும் சோதனையைத் திருத்துவதும்

இருக்கும் தரவோடு எழுதக்கூடியது இவ்வளவே: “முனைக்காட்டிலும் தொண்டியிலும் வலைக்குழாய்க் கொத்து முறையே 18, 15 கிலோ கூடுதல் சராசரி விளைச்சல் தந்தது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு முறைக்கு ஒரு கொத்தே இருந்ததால், இவ்வேறுபாட்டில் முறையின் பங்கையும் இடத்தின் பங்கையும் பிரிக்க இயலாது.” பி-மதிப்பு எதையும் இதில் சேர்க்க வேண்டியதில்லை.

அடுத்த பருவத்துக்கு இரண்டு வழிகள் உள்ளன. கொத்து முழுவதற்கும் ஒரே முறை என்பதை விட முடியாவிட்டால், கொத்துகள் இணையிணையாக ஆறு இடங்களில் விடப்பட வேண்டும்; ஆறிலும் ஒரே முறை முந்தினால்தான் p = 2/64, அதாவது 0.031 கிடைக்கும். ஐந்து இடங்கள் போதாது. ஐந்திலும் முந்தினாலும் 2/32, அதாவது 0.0625-தான். எளிதான வழி, ஒவ்வொரு கொத்துக்குள்ளும் ஐந்து மிதவைகளுக்கு ஒரு முறை, ஐந்துக்கு மற்றது என்று கரையிலேயே சீட்டுக் குலுக்கி ஒதுக்குவது. அப்போது ஒரு கொத்திலேயே 252 பங்கீடுகள் சாத்தியம். கொத்துக்குக் கொத்து உள்ள வேறுபாடும் கணக்கிலிருந்து கழிந்துவிடும். கொத்துக்குள் எந்த மிதவை ஓரத்தில் கிடந்தது, எது நடுவில் கிடந்தது என்பதையும் வரைந்து வைத்துக்கொள்வது நல்லது.

எத்தனை மிதவை வேண்டும் என்பதை, எத்தனை கிலோ கூடினால் வலைக்குழாய்க்குச் செலவிடலாம் என்று வளர்ப்பவர்களிடம் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். அவர்கள் 10 கிலோ என்றால், மிதவைகளின் திட்ட விலக்கம் 19 கிலோவாகவே நீடிக்கும் நிலையில், அதை ஐந்தில் நான்கு வாய்ப்புடன் கண்டறிய ஒவ்வொரு முறைக்கும் ஏறத்தாழ 58 மிதவைகள் தேவை. அதாவது பன்னிரண்டு கொத்துகள். இந்த 19 கிலோ ஏற்கெனவே ஒரே கொத்துக்குள் கிடந்த மிதவைகளின் விலக்கம் என்பதால், கொத்து வேறுபாடு கழிவதால் அது இறங்காது. கொத்துக்குள் ஓரம், நடு என்னும் இட வேறுபாட்டையும் கழித்து அது 13 கிலோவுக்கு இறங்கினால், முறைக்கு 28 மிதவைகள், அதாவது ஆறு கொத்துகள் போதும். அந்த இறக்கம் உண்மையில் கிடைக்குமா என்பதை, ஏற்கெனவே இருக்கும் நாற்பது மிதவைகளின் எடைகளை மட்டும் பார்த்து அறிய முடியாது. எது ஓரத்து மிதவை, எது நடு மிதவை என்பது எடைகளில் தெரியாது. ஆகவே முதலில் இரண்டு கொத்துகளில் முடிச்சு முறை மட்டும் வைத்து ஒரு அறுவடை எடுத்து, கொத்துக்குள் கிடக்கும் இடத்தால் வரும் விலக்கத்தையும் எஞ்சிய விலக்கத்தையும் தனித்தனியே அளந்துகொள்ள வேண்டியிருக்கும்.